பெரியம்மாவின் பென்சன்: போனை விடுங்கள், பெயரைப் பாருங்கள்

கேள்வி: பெரியம்மாவுக்கு 83 வயது, வேலணையில் இருக்கிறா. பெரியப்பா ஆசிரியராக இருந்து பென்சன் எடுத்தவர், போன மாதம் காலமாகிவிட்டார். அவவின் பெயரில் பாங்க் கணக்கு இல்லை, ஸ்மார்ட் போனும் இல்லை. இப்போது எல்லாம் கொம்பியூட்டர், விரலடையாளம் என்கிறார்கள். நான் கொழும்பில் இருக்கிறேன். அவவுக்குப் பென்சன் கிடைக்க எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

முதலில் ஒன்று. பெரியப்பாவின் ஏடிஎம் கார்ட் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். அதை எடுத்துப் பத்திரமாக வையுங்கள், அதில் காசு எடுக்க வேண்டாம். பென்சன்காரர் இறந்த செய்தி பிரதேச செயலகத்துக்குப் போகும் வரை மாதாமாதம் காசு அவர் கணக்கில் விழுந்துகொண்டே இருக்கும். செலவுக்குத்தானே என்று வீட்டுக்காரர் எடுத்துவிடுவார்கள். இறந்த நாளுக்குப் பிறகு விழுந்த காசு அரசாங்கத்துக்குத் திரும்ப வேண்டிய காசு. மனைவியின் விண்ணப்பம் போகும்போது அந்தக் கணக்கு வெளியே வரும், திருப்பிக் கட்டும் வரை கோப்பு நகராது. ஆகவே மரணச் சான்றிதழ் கைக்கு வந்ததும் அதன் பிரதியைக் கொண்டுபோய், பெரியப்பா பென்சன் எடுத்த பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பகுதியில் எழுத்தில் அறிவியுங்கள். அறிவித்த கடிதத்தின் இன்னொரு பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள்.

பெரியம்மாவுக்கு உரியது விதவைகள், அநாதைகள் ஓய்வூதியம். கந்தோரில் டபிள்யூ அன்ட் ஓபி என்றுதான் சொல்வார்கள். பெரியப்பாவின் சம்பளத்தில் வருடக்கணக்காகக் கழித்த பணத்துக்கு ஈடாக வருவது அது. 70 வயது தாண்டியவர்களுக்கு வரும் முதியோர் கொடுப்பனவு வேறு, அதைப் பற்றி இங்கே பேசவில்லை. ஊரில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, தபாற்கந்தோருக்கும் பிரதேச செயலகத்துக்கும் ஆட்களை அலைய விடுவார்கள். நீங்கள் கேட்க வேண்டிய இடம் பிரதேச செயலகம்தான்.

ஸ்மார்ட் போன் பற்றிய கவலையை இப்போதே விட்டுவிடலாம். இந்த வேலையில் எந்த இடத்திலும் பெரியம்மா ஒரு செயலியைத் திறந்து முகம் காட்டவோ குறியீட்டு எண் தட்டவோ தேவையில்லை. ஓய்வூதியப் பகுதியில் வேலை செய்த காலத்தில் நான் பார்த்தது, வயதானவர்களின் பென்சன் இரண்டு இடத்தில்தான் சிக்கும். ஒன்று பெயர், மற்றது விரல். பெயரில் சிக்குவது பல மடங்கு அதிகம்.

யாழ்ப்பாணத்துப் பெயர் வைக்கும் முறை கொம்பியூட்டருக்கு ஏற்றதல்ல. பெரியம்மாவின் பெயர் சிவபாக்கியம், தகப்பன் கந்தையா, பெரியப்பா செல்லத்துரை என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிறப்பு அத்தாட்சியில் வெறும் சிவபாக்கியம் என்று இருக்கும், தகப்பன் பெயர் தனிப் பெட்டியில். விவாகப் பதிவில் கந்தையா சிவபாக்கியம். பிறகு எடுத்த அடையாள அட்டையில் செல்லத்துரை சிவபாக்கியம். பெரியப்பா கலியாணம் முடித்த காலத்தில் திணைக்களத்துக்குக் கொடுத்த விபரத்தில் மனைவி பெயர் க. சிவபாக்கியம் என்று ஒரு எழுத்தோடு நிற்கும். நமக்கு நாலும் ஒரே மனுசி. கோப்புப் பார்ப்பவருக்கு நாலு பேர். அதற்கு மேல் ஆங்கில எழுத்து வேறு. பாங்க் திரையில் Sivapackiam, பென்சன் திரையில் Sivapakkiyam என்று இருந்தால் மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்கு அது தெரியவே வராது.

ஆகவே எந்தக் கந்தோருக்கும் போகும் முன், வீட்டில் ஒரு மேசையில் எல்லாப் பத்திரத்தையும் விரித்து வையுங்கள். பெரியம்மாவின் பிறப்பு அத்தாட்சி, விவாக அத்தாட்சி, அடையாள அட்டை, பெரியப்பாவின் மரணச் சான்றிதழ், அவரது பென்சன் கடிதம், டபிள்யூ அன்ட் ஓபி அங்கத்துவ இலக்கம் உள்ள அட்டை அல்லது கடிதம். ஒரு தாளில் ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். தமிழிலும் எழுதுங்கள், ஆங்கிலம் இருந்தால் அதையும் எழுதுங்கள். மரணச் சான்றிதழில் பெரியப்பாவின் பெயர் பென்சன் கடிதத்தில் உள்ளபடி இருக்கிறதா என்றும் பாருங்கள். செத்த வீட்டு அவசரத்தில் பதிவு செய்யப் போனவர் முதலெழுத்தை விட்டிருப்பார், அல்லது ஊரில் கூப்பிடும் பெயரைச் சொல்லியிருப்பார்.

பெயர்கள் வேறுபட்டால் செய்ய வேண்டியது ஒரு சத்தியக்கடதாசி. இன்ன பத்திரத்தில் இன்ன பெயரிலும், இன்ன பத்திரத்தில் இன்ன பெயரிலும் காணப்படுபவர் நானே, எல்லாம் ஒரே ஆளைக் குறிக்கும் என்று பெரியம்மா சத்தியம் செய்து ஒரு சமாதான நீதவான் முன் கையொப்பம் இடுவது. இங்கேதான் பலர் அவசரப்படுவார்கள். பிறப்பு அத்தாட்சியையும் அடையாள அட்டையையும் மட்டும் குறிப்பிட்டு ஒரு கடதாசி எடுப்பார்கள். பாங்கில் அது போதும். பிரதேச செயலகத்தில் விவாக அத்தாட்சியில் வேறு பெயர் என்று திருப்பி அனுப்புவார்கள், திரும்பவும் சமாதான நீதவானைத் தேட வேண்டும். ஆகையால் அந்தத் தாளில் நீங்கள் எழுதிய பெயர்கள் எல்லாம், ஆங்கில எழுத்துக்கள் உட்பட, ஒரே கடதாசியில் வரவேண்டும். மூலப்பிரதி இரண்டு எடுத்தால் ஒன்று கோப்பில் போய்விட்டாலும் மற்றது கையில் நிற்கும்.

பிறப்பு அத்தாட்சி இடம்பெயர்வில் தொலைந்து போயிருக்கலாம், அது இங்கே புதுமையல்ல. அவ பிறந்த இடம் எந்தப் பிரதேச செயலகப் பிரிவோ அங்குள்ள மேலதிக மாவட்டப் பதிவாளர் பிரிவில் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். பதிவே கிடைக்காவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. ஆனால் அதற்கு நேரம் எடுக்கும், முதலில் பதிவைத் தேடிப் பாருங்கள்.

அடையாள அட்டையில் இன்னொரு நுணுக்கம். பழைய இலக்கத்தில் பிறந்த திகதி ஒளிந்திருக்கிறது, அது பிறப்பு அத்தாட்சியோடு ஒத்துப்போக வேண்டும். 425671234V என்ற ஒரு கற்பனை இலக்கத்தை எடுங்கள். முதல் இரண்டு இலக்கம் 42, அதாவது 1942. அடுத்த மூன்று இலக்கம் 567. பெண்களுக்கு 500 கூட்டிப் போடுவார்கள், ஆகவே கழித்தால் 67, வருடத்தின் 67ஆவது நாள். ஜனவரி 31, பெப்ரவரி 29, கூட்டினால் 60. மிச்சம் 7. ஆக, 1942 மார்ச் 7. கவனியுங்கள், 1942இல் பெப்ரவரிக்கு 28 நாள்தான், ஆனாலும் இலக்கம் கொடுக்கும் கணக்கில் எல்லா வருடத்துக்கும் பெப்ரவரி 29 நாள். இது தெரியாமல் நாட்காட்டியை வைத்து எண்ணினால் மார்ச் 8 என்று வரும், ஒரு நாள் பிழை என்று வீட்டில் பதறுவார்கள். பிழை இல்லை. உண்மையிலேயே வருடமோ மாதமோ மாறியிருந்தால்தான் யோசிக்க வேண்டும். அப்படி இருந்தால் பென்சன் விண்ணப்பத்துக்கு முன் அதைப் பற்றி ஓய்வூதியப் பகுதியில் கேட்டுவிடுங்கள்.

சில இடங்களில் திரை 12 இலக்கம் கேட்கும். அதே இலக்கம் 194256701234 என்று மாறும். முன்னால் 19, ஆண்டு, நாள், பிறகு ஒரு 0, மிச்ச நாலு இலக்கம், V போய்விடும். ஆனால் விண்ணப்பத் தாளில் அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். நீங்களாக மாற்றி ஒரு இடத்தில் 9 இலக்கமும் இன்னொரு இடத்தில் 12உமாக எழுதினால் தேடும்போது ஆள் அகப்படாமல் போவா. பழைய அட்டை இன்னும் செல்லும், அது உடைந்து எழுத்து அழிந்திருந்தால் மட்டும் புதிதாக விண்ணப்பியுங்கள்.

இனி கணக்கு. பென்சன் விழும் கணக்கை அவவின் தனிப் பெயரில் திறவுங்கள். உங்கள் பெயரையும் சேர்த்துக் கூட்டுக் கணக்கு திறந்தால் வசதி என்று தோன்றும், அந்த யோசனையை விடுங்கள். பென்சனுக்கு அது ஒத்துவராது, பிற்காலத்தில் சொந்தக்காரருக்குள் பேச்சும் வரும். இலங்கை வங்கி, மக்கள் வங்கி, தேசிய சேமிப்பு வங்கி என்று எதுவானாலும் சரி, எது பெரியம்மா ஓட்டோவில் போய் வரக்கூடிய தூரத்தில் இருக்கிறது, படி ஏறாமல் உள்ளே போகலாமா என்று பாருங்கள். தேசிய சேமிப்பு வங்கியின் புத்தகக் கணக்கை தபாற்கந்தோரிலும் பாவிக்கலாம், தீவுப் பக்கத்து ஆட்களுக்கு அது ஒரு பெரிய உதவி. ஒருநாளில் எவ்வளவு எடுக்கலாம் என்ற வரம்பை மட்டும் அந்தத் தபாற்கந்தோரிலேயே கேட்டுவிடுங்கள்.

கொண்டு போக வேண்டியவை அடையாள அட்டை, அதன் பிரதி, வதிவிடத்துக்கு விதானையாரின் சான்றிதழ், பெயர் விடயத்துக்கு அந்தச் சத்தியக்கடதாசி, ஆரம்ப வைப்புக்குக் கொஞ்சக் காசு. விதானையாரின் சான்றிதழில் பிரதேச செயலாளரின் மேலொப்பம் இருந்தால் எந்தக் கேள்வியும் வராது. கணக்கில் எந்த ஆங்கில எழுத்தில் பெயர் பதிகிறார்கள் என்று திரையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். பென்சன் விண்ணப்பத்தில் நீங்கள் எழுதப் போவதும் அதே எழுத்தாக இருக்க வேண்டும். இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம், எழுத்தர்களே காட்டுவார்கள்.

கையொப்பம் பற்றியும் ஒரு வார்த்தை. 83 வயதில் கை நடுங்கும். முப்பது வருடத்துக்கு முன் போட்ட அழகான கையொப்பத்தை வீட்டில் எழுதிப் பழக்கிக்கொண்டு போகாதீர்கள். இன்றைக்கு அவவால் எப்படிப் போட முடிகிறதோ அதையே பதியுங்கள், தமிழில் பெயரை முழுதாக எழுதினாலும் சரி. இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து காசு எடுக்கப் போகும்போது ஒப்பம் ஒத்துவரவில்லை என்று நிற்க வைப்பார்கள். சுத்தமாகப் போட முடியாவிட்டால் கைநாட்டு வைத்துக் கணக்கு திறக்கலாம். ஆனால் கைநாட்டுக் கணக்குக்கு பொதுவாக ஏடிஎம் கார்ட் கொடுக்க மாட்டார்கள், ஒவ்வொரு முறையும் அவவே போக வேண்டும். அதில் ஒரு நல்லதும் உண்டு, அவ இல்லாமல் வேறு யாரும் எடுக்க முடியாது.

பாங்கில் ஒரு போன் இலக்கம் கேட்பார்கள். சாதாரண பட்டன் போன் போதும், காசு விழுந்தால் வரும் குறுஞ்செய்திக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. சிம் அவவின் அடையாள அட்டையில் எடுத்ததாக இருக்கட்டும். உங்கள் இலக்கத்தைக் கொடுத்தால் செய்தி கொழும்புக்கு வரும், பெரியம்மா காசு வந்ததா என்று ஒவ்வொரு மாதமும் உங்களைக் கேட்டுக்கொண்டிருப்பா. போனே வேண்டாம் என்றால் புத்தகத்தைப் பதியக் கொடுத்துப் பார்த்தால் சரி. குறுஞ்செய்தியில் வரும் இரகசிய இலக்கத்தைக் கேட்டு யாராவது பேசினால், பென்சன் கந்தோரில் இருந்து என்றாலும், வைத்துவிடச் சொல்லுங்கள். எந்தக் கந்தோரும் அதைக் கேட்காது.

புத்தகம் கைக்கு வந்ததும் அதன் முதல் பக்கப் பிரதியோடு விண்ணப்பம் பிரதேச செயலகத்துக்குப் போகும். மறுமணம் செய்யவில்லை என்பதை விதானையார் உறுதிப்படுத்த வேண்டியிருக்கும். 83 வயது ஆளிடம் இதைக் கேட்பது சிரிப்பாகத்தான் இருக்கும், பெரியம்மாவே சிரிப்பா, கோபப்பட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். எல்லாப் பத்திரத்தின் மூலத்தையும் கொண்டு போய்க் காட்டிவிட்டுப் பிரதிகளைக் கொடுங்கள். மூலத்தைக் கொடுத்துவிட்டு வர வேண்டாம். கோப்பு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கொழும்பில் இருந்து ஓய்வூதியத் திணைக்களத்தின் 1970 இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கும்போது அது கைகொடுக்கும். திணைக்களம் மாளிகாவத்தையில்தான் இருக்கிறது, ஊரில் நின்றுபோன கோப்பை நேரில் விசாரிக்க உங்களுக்கு அது வசதி. தாமதமானாலும் இடைப்பட்ட மாதங்களின் நிலுவை சேர்ந்து வரும். அதுவரை செலவுக்கு வேறு வழி பார்த்துவையுங்கள்.

இப்போது விரல். பென்சன்காரர் உயிரோடு இருக்கிறார் என்பதை வருடத்துக்கு ஒருமுறை உறுதிப்படுத்த வேண்டும். வருடத் தொடக்கத்தில், மார்ச் 31க்குள் முடிப்பதுதான் வழக்கம். காலங்காலமாக இது ஒரு படிவம். விதானையார் ஆளைப் பார்த்து ஒப்பமிட, அது பிரதேச செயலகத்துக்குப் போகும். இப்போது விரலடையாள இயந்திரத்தில் முதலில் ஒருமுறை பதிந்துவிட்டால், பிறகு போய் விரலை வைத்தால் போதும் என்று வந்திருக்கிறது. அது பிரதேச செயலகத்தின் இயந்திரம், அவர்களின் ஆள் இயக்குவார். பெரியம்மா கொண்டுபோக வேண்டியது அடையாள அட்டையும் விரலும்தான்.

வயதானவர்களின் விரலை இயந்திரம் எடுக்காமல் விடுவது இயல்பு. ரேகை தேய்ந்து தட்டையாகியிருக்கும், தோல் காய்ந்து சுருங்கியிருக்கும். வெங்காயத் தோட்டம், புகையிலை, பனையோலை என்று கையால் உழைத்தவர்களின் விரல் இன்னும் மோசம். வரண்ட விரலை வைத்தால் திரையில் வரிகள் துண்டு துண்டாகப் புள்ளி புள்ளியாக வரும். ஈரமான விரலை வைத்தால் எல்லாம் கறுத்துக் குழம்பி ஒரே திட்டாக வரும். இரண்டையும் திரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். புள்ளியாக வந்தால் கையை இளஞ்சூட்டு நீரில் கழுவித் துடைத்து, துளி தேங்காய் எண்ணெய் தடவி உடனே நன்றாகத் துடைத்துவிட்டு வையுங்கள். திட்டாக வந்தால் வெறும் துணியால் துடைத்தாலே போதும். அழுத்தி வைக்க வேண்டாம், அழுத்தினால் தேய்ந்த ரேகை இன்னும் தட்டையாகும். விரலின் நுனியை வைப்பார்கள், அதுவும் பிழை. நடுப்பகுதி படிய வேண்டும்.

இதைவிட முக்கியம் முதல்முறை பதியும் நாள். அன்றைக்கு எடுக்கும் பதிவோடுதான் ஒவ்வொரு வருடமும் ஒப்பிடப் போகிறார்கள். மங்கலாகப் பதிந்துவிட்டால் வருடா வருடம் சண்டை. ஆகவே ஒரு விரல் எடுத்துவிட்டது என்று எழும்பாமல், எந்த விரல் தெளிவாக வருகிறது என்று மற்ற விரல்களையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதிகம் வேலை செய்யாத இடக்கையின் மோதிர விரல் சிலருக்கு நன்றாக வரும். எந்த விரல் பதிந்தது என்று பென்சன் கோப்பின் உள்ளட்டையில் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் கூட்டிப் போகிறவர் வேறு ஆளாக இருக்கலாம்.

இவ்வளவு செய்தும் எடுக்காவிட்டால் படிவத்துக்குத் திரும்புங்கள். விரல் எடுக்கவில்லை என்பதற்காகப் பென்சனை நிறுத்த இடமில்லை, விதானையார் உறுதிப்படுத்திய தாள் போதும். இதைச் சொல்லிக் கேளுங்கள், மெசின் எடுக்கவில்லை, பிறகு வாருங்கள் என்றால் எழும்பிவர வேண்டாம். அவ படுக்கையில் விழும் நாள் வந்தாலும் இதே வழிதான். விதானையாரை வீட்டுக்கு வரச் சொல்லிக் கேட்கலாம். எழுத்தில், வைத்தியரின் ஒரு துண்டோடு கேட்டால் வருவார்கள்.

உறுதிப்படுத்தல் தவறினால் யாரும் வீட்டுக்கு வந்து சொல்லப் போவதில்லை. ஒரு மாதம் காசு விழாது, அவ்வளவுதான். பென்சன் மாதத்தின் 10ஆம் திகதியை ஒட்டி விழும், பண்டிகை மாதங்களில் முன்பின் ஆகும். 15 தாண்டியும் புத்தகத்தில் பதிவு இல்லையென்றால் முதலில் பாங்கில் கேளுங்கள், கணக்கு முடங்கியதா என்று. கணக்கு சரியாக இருந்தால் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். பெரும்பாலும் உயிர்வாழ் சான்றிதழ் பதியப்படாமல் இருக்கும். நிறுத்தப்பட்டது திரும்பவும் தொடங்கும், விட்டுப்போன மாதங்களும் வரும்.

நீங்கள் கொழும்பில் இருப்பதால் இந்த அலைச்சலுக்கு ஊரில் ஒருவர் வேண்டும். யாரென்று பெரியம்மாவையே கேளுங்கள், நீங்களாகத் தீர்மானித்து ஒருவரை அனுப்பாதீர்கள். கூட்டிப் போகிறவர் வேறு, காசு எடுக்கிறவர் வேறு என்று இருந்தால் நல்லது. புத்தகம் பெரியம்மாவிடம் இருக்கட்டும். கார்ட் எடுத்திருந்தால் அதையும் இரகசிய இலக்கத்தையும் ஒரே ஆள் வைத்திருக்க விட வேண்டாம். மாதத்தில் ஒருநாள் புத்தகத்தைப் பதிந்து, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஸ்மார்ட் போன் தேவைப்படுவது அந்த ஒரு வேலைக்குத்தான், அது கூட்டிப் போகிறவரிடம் இருந்தால் போதும்.

முதலாவது பென்சன் விழுந்த மாதம் தொகையைப் பெரியம்மாவின் பெயருக்கு வந்த பென்சன் கடிதத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். நிலுவையும் சேர்ந்து வரும் மாதம் என்பதால் கூடுதலாகத்தான் இருக்கும், இரண்டாம் மாதத் தொகைதான் உண்மையான பென்சன். அதில் குறை தெரிந்தால் உடனே எழுதிக் கேளுங்கள், வருடக்கணக்கில் விட்டால் பிறகு பழைய கோப்பைத் தேட வேண்டிவரும்.